பிளக்கின் கழுத்தில் ஒரு விரற்கடை

இரண்டு வாரமாக என் இயர்போனின் வலது காதில் ஒலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. பிளக்கை ஒட்டி வயரை மேல்நோக்கி வளைத்துப் பிடித்தால் வரும். விரலை எடுத்தால் போய்விடும். ஒரு ரப்பர் பேண்டால் அந்த வளைவை அப்படியே கட்டிவைத்து நான்கைந்து நாள் ஓட்டினேன். அதன் பிறகு வலது காது ஏறக்குறைய முழுதாக அடங்கிப்போனது. மிச்சமிருந்த இழைகளையும் அந்தக் கட்டுதான் அறுத்தது என்பது, பின்னால் வயரைப் பிரித்தபோது தெரிந்தது. முறிந்த இடத்தைத் தேடிப்பிடித்து, ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வேலையை, ஒலி விட்டு விட்டு வரும் கட்டத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். முறிந்த இடத்தைக் காட்டிக்கொடுப்பதே அந்தத் தடுமாற்றம்தான். இரண்டு முனைகளும் நன்றாக விலகிவிட்டால் எவ்வளவு ஆட்டினாலும் வயர் வாய் திறக்காது.

இந்த மெல்லிய வயர் ஏன் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே மட்டும் அறுகிறது என்று முதலில் பார்ப்போம். மற்ற மின்வயர்களைப் போல இதற்குள் தடித்த செம்புக் கம்பி கிடையாது. தலைமுடியைவிட மெல்லிய செம்பு இழைகள் சில, ஒரு நூலோடு சேர்த்து முறுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் இழையின் மேலும் வண்ண எனாமல் பூச்சு உண்டு. ஓர் இழைக்கட்டு மற்றொன்றைத் தொட்டு மின்தொடர்பு ஏற்படாமல் காப்பது அந்தப் பூச்சுதான். வயர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளையும்போது செம்பு களைத்து ஒவ்வோர் இழையாக அறும். நூல் அறாது, ரப்பர் உறையும் அறாது. பிளக்கின் கெட்டியான வார்ப்பு முடிந்து மெல்லிய வயர் தொடங்கும் இடத்தில் எல்லா வளைவும் வந்து குவிகிறது. நான் பழுது பார்த்தவற்றில் பாதிக்கும் மேலானவை அந்த ஒரு விரற்கடைக்குள்தான் அறுந்திருந்தன. உறை இறுக்கமாகப் பிடித்திருப்பதால் அறுந்த முனைகள் எதிரெதிரே நிற்கும்; அமுக்கினால் தொட்டுக்கொள்ளும், இழுத்தால் பிரியும். ஆட்டிப் பார்க்கும் முறை முழுவதும் இதை நம்பியே இருக்கிறது.

ஆனால் வயரைக் குற்றம் சொல்வதற்கு முன் செருகும் துளையைப் பார்க்க வேண்டும். சட்டைப்பையில் கிடக்கும் கைபேசியின் துளைக்குள் பஞ்சுத் தூசி சேர்ந்து, அடியில் கெட்டியாக அமுங்கிவிடும். பிளக் கடைசி வரை இறங்காது. ஒரு காதில் ஒலி வராது அல்லது இரைச்சல் வரும். இதைப் பிரித்தறிவது எளிது. வயரைத் தொடாமல், பிளக்கின் உடலை மட்டும் பிடித்துத் துளைக்குள் மெதுவாகச் சுழற்றுங்கள். அதில் ஒலி மாறினால் சந்தேகம் துளையின் மீதோ பிளக்கின் உலோகத் தொடர்புகளின் மீதோதான். பிறகு அதே இயர்போனை வேறொரு கருவியில் செருகிப் பாருங்கள். என்னுடையது மூன்று கருவிகளிலும் ஒரே மாதிரி நடந்துகொண்டது; சுழற்றினால் மாற்றமில்லை, வயரை அசைத்தால் மட்டும் மாற்றம். துளை குற்றமற்றது என்று முடிவு செய்தேன்.

எந்த இழைக்கட்டு அறுந்தது என்பதைக் காதே ஓரளவு சொல்லிவிடும். ஒரு பக்கம் மட்டும் போனால் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்கான கட்டு அறுந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒலிக்கிறது, ஆனால் பாடகரின் குரல் மட்டும் எங்கோ தொலைவில் மங்கலாகக் கேட்கிறது, வாத்தியங்கள் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கின்றன என்றால் இரண்டுக்கும் பொதுவான கட்டு போய்விட்டது. திரும்பும் பாதை இல்லாததால் இரண்டு ஒலிப்பான்களும் தொடராக இணைந்து, இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒலிக்கின்றன. பாடகரின் குரல் வழக்கமாக இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருக்கும், சமமானது கழிந்துவிடுகிறது. இதைக் கேட்டு ஒலிப்பானே கெட்டுவிட்டது என்று இயர்போனைத் தூக்கி எறிந்தவர்களை நான் அறிவேன். வருத்தமாக இருக்கும், அறுந்தது ஒரே ஒரு கட்டுதான். பாட்டு தானாக நிற்கிறது, தானாகத் தொடங்குகிறது என்றால் மைக் கட்டு பொதுக் கட்டோடு உரசுகிறது. மைக்கில் உள்ள நடுப் பொத்தானை அழுத்தும்போதும் இந்த இரண்டும்தான் இணைகின்றன. ஆகவே பொத்தானை யாரோ அழுத்துவதாகக் கைபேசி எண்ணிக்கொள்கிறது.

இனி ஆட்டிப் பார்க்கும் வேலை. நான் முதன்முதலில் இதைச் செய்தபோது வயரைப் பிடித்து இங்குமங்கும் அசைத்தேன். ஒலி வந்த இடத்தில் குறியிட்டு வெட்டினேன். முறிவு அங்கிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. வயரின் நடுவே அசைத்தால் அந்த அசைவு வயர் வழியே ஓடிப் பிளக்கின் கழுத்தையும் அசைக்கிறது. கை இருக்கும் இடம் ஒன்று, வளையும் இடம் வேறு. அதற்குப் பிறகு நான் பழகிய முறை இது. பேச்சுப் பதிவு ஒன்றை ஓடவிடுகிறேன். பாட்டில் இயல்பாகவே இடைவெளியும் ஏற்ற இறக்கமும் இருப்பதால் எது முறிவு, எது பாட்டு என்று குழப்பம் வரும்; நிற்காமல் ஒருவர் பேசிக்கொண்டே போகும் பதிவில் அந்தக் குழப்பம் இல்லை. ஒலியளவைக் குறைத்து வைக்கிறேன், ஏனென்றால் அறுந்த முனை தொடும் கணத்தில் காதில் வெடுக்கென்று அடிக்கும். கருவியை மேசைமீது அசையாமல் கிடத்துகிறேன்.

பிறகு இடது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வயரை ஓரிடத்தில் அழுத்திப் பிடிக்கிறேன். ஒரு சென்டிமீட்டர் தள்ளி வலது கையால் அதேபோல் பிடிக்கிறேன். இரண்டு பிடிக்கும் நடுவில் உள்ள அந்தச் சிறு துண்டு மட்டும் வளைய வேண்டும். மற்றது எதுவும் அசையக் கூடாது. மேலும் கீழும், இடமும் வலமும், நான்கு திசைகளில் மென்மையாக வளைக்கிறேன். அரைச் செங்கோணத்துக்கு மேல் வளைப்பதில்லை. அதற்கு மேல் போனால் நல்ல இழையையும் நானே அறுத்துவிடுவேன். ஒலியில் மாற்றம் இல்லையென்றால் இரண்டு பிடியையும் ஒரு சென்டிமீட்டர் நகர்த்துகிறேன். வளைப்பதைவிட நுட்பமான இன்னொரு சோதனை உண்டு: இரண்டு பிடிகளையும் ஒன்றையொன்று நோக்கி மெல்லத் தள்ளுவது. உறைக்குள் முனைகள் கிட்டே வந்து தொடும், ஒலி வரும். கொஞ்சம் விலக்கினால் போகும். தள்ளினால் வந்து, இழுத்தால் போகும் இடம் எதுவோ அதுதான் முறிவு. வளைவில் மட்டும் மாறும் இடத்தை நான் இன்னும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

என் இயர்போனில் பிளக்கின் வார்ப்பிலிருந்து ஏழெட்டு மில்லிமீட்டர் தொலைவில் அமுக்கியபோது வலது காதில் குரல் பளிச்சென்று வந்தது. ஒட்டுத்தாள் துண்டைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டேன். வார்ப்பின் பக்கமிருந்து தொடங்கியபோதும், எதிர்ப்பக்கமிருந்து திரும்பி வந்தபோதும் அதே கோட்டில்தான் மாற்றம். இரண்டு திசையிலிருந்தும் ஒரே இடம் கிடைத்தால் நம்பலாம்.

இதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்துவதில்லை, ஏனென்றால் ஒரு முறிவு இன்னொன்றை மறைத்துக்கொண்டிருக்கும். முதல் முறிவு நல்ல நிலையில் தொட்டுக்கொண்டிருக்கும்படி, பிளக்கின் கழுத்தை ஒரு துணிக் கிளிப்பால் ஓர் அட்டைத் துண்டோடு சேர்த்துக் கவ்வவைக்கிறேன். ஒலி தடையில்லாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். பிறகு மிச்ச வயர் முழுவதையும், குறிப்பாக வயர் இரண்டாகப் பிரியும் கவையையும், மைக் பெட்டியின் இரு பக்கங்களையும், காதுப் பகுதிக்குள் வயர் நுழையும் இடத்தையும் அதே முறையில் தடவிப் பார்க்கிறேன். சால்டரிங் செய்யலாமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த இரண்டாவது தேடலில்தான் கிடைக்கிறது. என்னுடையதில் வேறெங்கும் தடுமாற்றம் இல்லை.

மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் காதுக்கு ஒரு சாட்சி கிடைக்கும். இயர்போனைக் கருவியிலிருந்து கழற்றிவிட்டு, ஓம் அளவில் வைத்துப் பிளக்கின் வளையங்களைத் தொட வேண்டும். மைக் உள்ள பிளக்கில் நான்கு உலோகப் பகுதிகள் இருக்கும்: நுனி இடது காது, அடுத்த வளையம் வலது காது. அதற்கடுத்த வளையமும் அடிப்பகுதியும் முறையே பொதுவும் மைக்கும். சில பழைய கருவிகளுக்கான இயர்போன்களில் இந்தக் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். என் இயர்போனில் நுனிக்கும் பொதுவுக்கும் இடையே 17 ஓம் காட்டியது. 16 ஓம் என்று குறிக்கப்பட்ட இயர்போனுக்கு இது சரியான அளவு. வலது வளையத்துக்கும் பொதுவுக்கும் இடையே OL, அதாவது பாதையே இல்லை. கோடு போட்ட இடத்தை அமுக்கியதும் 17 வந்தது, விட்டதும் மறைந்தது. மீட்டரின் முனை தொடும்போது அந்தந்தக் காதில் மெல்லிய ‘டிக்’ ஒலி கேட்கும். இதைப் பின்னால் வயர் அடையாளம் காணவும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்போதுதான் முடிவெடுக்கும் நேரம். நான் இயர்போனின் விலையிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் உறையைத் தொட்டுப் பார்க்கிறேன். பிளக்கிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வயரை விரலில் சுற்றிவிட்டால் அது தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். சுற்றிய வடிவிலேயே விறைத்து நின்றாலோ, வெடிப்பு தெரிந்தாலோ, தொடும்போது பிசுபிசுத்தாலோ உறையின் ஆயுள் முடிந்துவிட்டது. அந்த வயரில் எவ்வளவு அழகாக ஈயம் வைத்தாலும் அடுத்த முறிவு வேறோர் இடத்தில் வந்துவிடும். உறை மென்மையாக இருந்து, முறிவு ஒன்றே ஒன்றாகப் பிளக்கின் பக்கம் இருந்து, இரண்டு காதும் ஒலிக்கும்போது தரம் குறையாமல் இருந்தால் எனக்குத் தயக்கமில்லை. ஐந்து சென்டிமீட்டர் வயரை இழந்து புதிய பிளக் ஒன்றை வைத்தால் போதும். முறிவு காதுப் பகுதிக்குள் இருந்தால் ஒட்டிய கூட்டைப் பிளக்க வேண்டும். அதைத் திரும்ப மூடினாலும் காற்று கசிந்து கனத்த ஒலி மெலிந்துபோகக்கூடும். அங்கே நான் மிகவும் பிடித்த இயர்போனுக்கு மட்டும்தான் கை வைப்பேன்.

யூஎஸ்பி சி பிளக் கொண்டவை தனிக் கணக்கு. பெரும்பாலானவற்றின் வார்ப்புக்குள் ஒலியை மாற்றித் தரும் சிறு மின்சுற்று இருக்கிறது. அதை வெட்டிவிட்டு வெறும் பிளக் வைக்க முடியாது. முறிவு வார்ப்புக்கு வெளியே ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் வயரையே வெட்டி இணைக்கலாம். வார்ப்பின் வாயிலேயே அறுந்திருந்தால் விட்டுவிடுவதுதான் சரி. சால்டரிங் அயர்ன் கையில் இல்லாதவர், ஓர் இயர்போனுக்காக மட்டும் அதையும் ஈயத்தையும் பிளக்கையும் வாங்கினால், பெரும்பாலும் புதிய இயர்போனின் செலவை எட்டிவிடுவார். எனக்கு இந்த வேலை நிதானமாகச் செய்தால் முக்கால் மணி நேரம் பிடிக்கிறது. முதல்முறை செய்பவருக்கு இரண்டு மணி நேரம் வேண்டும்.

நான் கோட்டிலிருந்து பிளக்கின் பக்கமாக வெட்டவில்லை. காதுப் பக்கமாக இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வெட்டினேன். முறிவுக்கு அருகில் உள்ள இழைகளும் களைத்துப்போய்த்தான் இருக்கும். வெட்டியெடுத்த துண்டைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன்: சிவப்பு இழைகள் அனைத்தும் ஒரே வரிசையில் அறுந்து, பச்சையிலும் சில இழைகள் அறுந்திருந்தன. இடது காதும் இன்னும் சில நாளில் போயிருக்கும்.

அயர்னைத் தொடும் முன் புதிய பிளக்கின் திருகு மூடியையும் சூடுபட்டால் சுருங்கும் குழாயையும் வயரில் கோத்துவிட வேண்டும். இதை மறந்தால் முடித்த பிறகு எல்லாவற்றையும் அவிழ்க்க நேரும். உறையைப் பதினைந்து மில்லிமீட்டர் நீக்கினேன். உள்ளே சிவப்பு, பச்சை, வெறும் செம்பு நிறம், இன்னொரு கலவை நிறம் என்று நான்கு கட்டுகள். சிவப்பு வலது, பச்சை இடது, செம்பு பொது என்பது பரவலான வழக்கம். வழக்கத்தை நம்பி ஈயம் வைக்காமல் மீட்டரால் உறுதி செய்தேன். மைக் கட்டையும் பொதுக் கட்டையும் தொட்டுக்கொண்டு நடுப் பொத்தானை அழுத்தினால் அளவு பூஜ்யத்தை ஒட்டி விழும்.

ஆனால் அடையாளம் காண்பதற்கு முன்பே எனாமலை நீக்க வேண்டும். பலருக்கு வேலை கெடுவது இங்கேதான். பூச்சு இருக்கும்வரை ஈயம் ஒட்டுவதுபோல் தோன்றும், மின்சாரம் போகாது. தீக்குச்சியால் எரிக்கும் வழக்கம் உண்டு. முடி போன்ற செம்பு அந்தச் சூட்டில் கருகி, தொட்டால் ஒடிகிறது. நான் அயர்னின் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, கட்டின் முனையில் சிறிது சால்டரிங் பேஸ்ட் தடவி, அந்தச் சொட்டுக்குள் நாலைந்து நொடி வைத்திருப்பேன். அயர்னின் சூடு 380 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் பூச்சு போகாது. மெல்லிய புகை எழும். அது கண்ணையும் தொண்டையையும் உறுத்தும், சன்னல் திறந்திருக்கட்டும். புகை அடங்கி, முனை முழுவதும் வெள்ளிபோல் மின்னினால் பூச்சு போய்விட்டது. சிவப்போ பச்சையோ ஒரு பொட்டு தெரிந்தாலும் மறுபடி செய்கிறேன்.

பிளக்கின் தகடுகளிலும் முன்கூட்டியே ஈயம் பூசிவைத்து, முனையை அதன்மேல் வைத்து இரண்டு நொடி மட்டும் அயர்னால் தொடுகிறேன். அதிக நேரம் வைத்தால் வளையங்களைப் பிரிக்கும் பிளாஸ்டிக் இளகி, பிளக் கோணலாகும். பழைய சாக்கெட் ஒன்றில் பிளக்கைச் செருகிவைத்துக்கொண்டு செய்தால் அது நிமிர்ந்தே நிற்கும், சூட்டின் ஒரு பகுதியையும் சாக்கெட் இழுத்துக்கொள்ளும். இழைகளோடு வரும் நூலைப் பெரும்பாலோர் வெட்டி எறிகிறார்கள். நான் அவற்றைத் திரட்டி, பிளக்கில் வயரைக் கவ்வும் தகட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிடுகிறேன். வயரை யாராவது இழுத்தால் அந்த இழுப்பை நூலும் உறையும் தாங்க வேண்டும், ஈயம் தாங்கக் கூடாது. கவ்வும் தகடும் உறையின் மேல்தான் கவ்வ வேண்டும். இழைகளின் மேல் கவ்வினால் புதிய முறிவுக்கு நாமே இடம் அமைத்துத் தருகிறோம். மூடியைத் திருகும் முன் மீட்டரில் 17, 17 என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். இடத்துக்கும் வலத்துக்கும் இடையே 34 காட்டியது. பேச்சுப் பதிவை ஓடவிட்டு, அதே இரண்டு பிடி முறையில் புதிய கழுத்தையும் ஆட்டிப் பார்த்த பிறகுதான் மூடினேன். அது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் ஒலிக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு என் தங்கை தன் இயர்போனைக் கொண்டுவந்தாள். அவளுடையதிலும் முறிவு பிளக்கின் பக்கம்தான், ஒரு சென்டிமீட்டர் தொலைவில். பார்த்ததும் எளிய வேலை என்றே தோன்றியது. கழுத்தைக் கிளிப்பில் கவ்வவைத்துவிட்டு மிச்சத்தைத் தடவியபோது கவையில் இடது பக்கம் விட்டு விட்டு வந்தது. உறையை விரலில் சுற்றினேன். சுருள் அப்படியே நின்றது.

“இதில் சால்டரிங் வேண்டாம், புதிதாக வாங்கிக்கொள்” என்றேன்.

“அண்ணா, உன்னுடையதை மட்டும் சரிசெய்துகொண்டாயே?”

அவள் கையாலேயே கவையை அமுக்கவும் இழுக்கவும் சொன்னேன். குரல் வந்து போவதை அவளே கேட்டாள். “அப்படியானால் இரண்டு இடத்திலும் வைக்க வேண்டுமா?” என்றாள். இரண்டு இடத்தில் வைத்தாலும் மூன்றாவது இடம் காத்திருக்கிறது என்று விறைத்த உறையைக் காட்டினேன். புதியது வாங்கிக்கொண்டாள். பழையதன் வயரை ஒரு சாண் நீளத் துண்டுகளாக நறுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எனாமல் எரிப்பதை அவள் இப்போது அந்தத் துண்டுகளில்தான் பழகிக்கொண்டிருக்கிறாள். நேற்று ஐந்தில் மூன்று முனைகள் முழுவதுமாக மின்னின.